டிராக்கர் சிம், மீட்டர் சிம், போன் சிம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாமக்கல் பக்கம் லாரிகளுக்கும் பஸ்களுக்கும் டிராக்கர் மாட்டுவது என் வேலை. வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துபவர்கள் டிராக்கரைப் பற்றிக் கேட்பதைவிட அதற்குள் இருக்கும் சிம்மைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். கொஞ்ச நாளாக வீட்டு மின் மீட்டரில் உள்ள சிம்மைப் பற்றியும் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

சிம் அட்டையில் 13 இலக்க எண் இருக்கிறது. தப்பாக அச்சாகிவிட்டதா?

சரியான எண்தான். இந்தியாவில் 2018 ஜூலை 1 முதல், இயந்திரத்தோடு இயந்திரம் பேசுவதற்கான புதிய "எம்2எம்" சிம்களுக்கு 13 இலக்க எண்தான் கொடுக்க வேண்டும் என்று ஆனது. பத்து இலக்க எண்கள் மனிதர்களுக்கே பத்தாமல் போகும் நிலையில், டிராக்கர், மீட்டர், ஸ்வைப் மெஷின் எல்லாவற்றுக்கும் அதிலிருந்தே எடுத்துக் கொடுத்தால் கட்டுப்படியாகாது. அந்த வருடம் "எல்லோருடைய செல் நம்பரும் 13 இலக்கமாக மாறப்போகிறது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வதந்தி சுற்றியது நினைவிருக்கலாம். அது கிளம்பியது இந்த அறிவிப்பிலிருந்துதான்.

பார்த்தால் போன் சிம் மாதிரியேதான் இருக்கிறது. அப்படி என்ன வேறு?

டவர் அதேதான், அலைவரிசையும் அதேதான். உங்கள் போன் பிடிக்கும் சிக்னலைத்தான் டிராக்கரும் பிடிக்கிறது. "எம்2எம் சிம் போட்டால் டவர் நன்றாக எடுக்குமாமே" என்று சிலர் கேட்பார்கள். ஒரே கம்பெனி சிம் என்றால் அப்படியெல்லாம் கூடுதலாக எடுக்காது.

வேறுபாடு நெட்வொர்க்கின் பதிவேட்டில் இருக்கிறது. ஒவ்வொரு சிம்முக்கும் எதையெல்லாம் அனுமதிக்கலாம் என்று டெலிகாம் கம்பெனி அங்கே எழுதி வைத்திருக்கும். போன் சிம்முக்கு யாரோடும் பேசலாம், எந்த இணையதளத்துக்கும் போகலாம். எம்2எம் சிம்முக்கு 2018 மே மாதம் தொலைத்தொடர்புத் துறை போட்ட நிபந்தனைகள் உண்டு. பேச்சு என்றால் முன்கூட்டியே பதிந்த எண்களோடு மட்டும், எஸ்எம்எஸ்ஸும் அப்படியே. டேட்டா என்றால், சிம் நெட்டுக்குள் நுழையும் வாசலான ஏ.பி.என்.னில் குறிப்பிட்ட ஒன்றின் வழியாக, குறிப்பிட்ட ஐ.பி. முகவரிகளுக்கு மட்டும். இவ்வளவு கெடுபிடிக்குக் காரணம், இந்தச் சிம்கள் ஒரு நிறுவனத்தின் பெயரில் ஆயிரக்கணக்கில் மொத்தமாகப் போவதுதான். அதில் ஒன்று வெளியே போய் யாரோ ஒருவருடைய போனில் ஏறினால், மோசடிக்காரனுக்கு அடையாளமே இல்லாத நம்பர் கிடைத்த மாதிரி ஆகிவிடும்.

அப்போ டிராக்கர் சிம்மைக் கழற்றி என் போனில் போட்டால் நெட் வராதா?

வராது. சிக்னல் கோடு காட்டும், கம்பெனி பெயரும் தெரியும். அதைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஆனால் பிரவுசரைத் திறந்தால் சுற்றிக்கொண்டே இருக்கும், கால் போட்டால் துண்டாகிவிடும். சில கம்பெனிகள் சிம்மை டிராக்கரின் ஐ.எம்.இ.ஐ. எண்ணோடு பூட்டியும் வைத்திருக்கும். அப்படிப்பட்ட சிம்மை வேறு கருவியில் போட்டதுமே அது முடங்கிப்போகலாம். பிறகு திரும்ப டிராக்கரில் போட்டாலும் கஸ்டமர் கேரில் சொல்லி முடக்கத்தை நீக்க வேண்டியிருக்கும். சும்மா சோதித்துப் பார்க்கிறேன் என்று கழற்றாதீர்கள்.

வீட்டில் ஒரு பழைய சிம் சும்மா கிடக்கிறது. அதையே டிராக்கரில் போட்டுக்கொள்ளட்டுமா?

சந்தையில் கிடைக்கும் சாதாரண டிராக்கரில் போட்டால் அன்றைக்கே ஓடும். ஓடுவதால்தான் இந்தக் கேள்வி நிற்கவே மாட்டேன் என்கிறது.

எங்கள் ஊர்க்காரர் ஒருவர் நான்கு லாரி வைத்திருக்கிறார். நான்கிலும் தன் பெயரிலும் மகன் பெயரிலும் இருந்த போன் சிம்களைப் போட்டிருந்தார். நான்குக்கும் நான்கு ரீசார்ஜ் தேதி, எல்லாம் 28 நாள் பேக். ஒரு லாரி குஜராத்துக்குப் போகும் வழியில், சோலாப்பூர் தாண்டியதும் மேப்பில் நின்றுவிட்டது. பேக் முடிந்திருக்கிறது. "உங்கள் பேக் நாளையோடு முடிகிறது" என்ற எஸ்எம்எஸ் எங்கே வந்திருக்கும்? டிராக்கருக்குத்தான் வந்திருக்கும், அதைப் படிக்க அங்கே யார் இருக்கிறார்கள்? மறுநாள் காலையில் கவனித்து ரீசார்ஜ் செய்தார். அப்புறமும் வண்டி மேப்பில் வரவில்லை. நெட்வொர்க் பலமுறை மறுத்ததால், அந்த டிராக்கரின் மோடம் டேட்டா கேட்பதையே விட்டுவிட்டிருந்தது. டிரைவரிடம் சொல்லி, பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டிய பிறகுதான் உயிர் வந்தது. இடைப்பட்ட ஓட்டத்தில் பாதிக்குமேல் கிடைக்கவே இல்லை. விலை குறைந்த கருவி, நினைவகம் சின்னது, பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதிக்கொண்டே போயிருக்கிறது.

இதைவிட எனக்குப் பயம் தருவது வேறு ஒன்று. இந்த வகை டிராக்கர்களை எஸ்எம்எஸ் அனுப்பியே இயக்கலாம். `STATUS#` என்று அனுப்பினால் நிலைமையைச் சொல்லும். ரிலே மாட்டியிருந்தால் இன்ஜினையே எஸ்எம்எஸ்ஸில் நிறுத்தலாம். பல மாடல்களில் பாஸ்வேர்டு பெட்டியிலிருந்து எடுத்த அன்று இருந்த `123456`தான், யாரும் மாற்றுவதில்லை. போன் சிம் என்றால் அந்த நம்பர் தெரிந்த யார் வேண்டுமானாலும் எஸ்எம்எஸ் அனுப்பலாம். வேலையை விட்டு நின்ற டிரைவருக்கும் அந்த நம்பர் தெரிந்திருக்கலாம். எம்2எம் சிம்மில் பதிவு செய்யாத எண்ணிலிருந்து வரும் எஸ்எம்எஸ் டிராக்கர் வரைக்கும் போவதே இல்லை. பாஸ்வேர்டை மாற்ற வேண்டியது எப்படியும் அவசியம், அது தனிக்கதை.

போன் சிம் ஒருவர் பெயரில் ஒன்பதுக்கு மேல் வாங்கவும் முடியாது. பத்து வண்டி ஆனதும் இந்த வழி தானாகவே அடைபட்டுவிடும்.

வீட்டில் மாட்டும் ஸ்மார்ட் மீட்டருக்குள்ளும் சிம் இருக்கிறதாமே. அதற்கு நான் ரீசார்ஜ் செய்ய வேண்டுமா?

வேண்டாம். ப்ரீபெய்டு மீட்டர் என்று வந்த ஊர்களில் நீங்கள் செய்யும் ரீசார்ஜ் கரண்டுக்கானது, சிம்முக்கு அல்ல. சிம்மும் அதன் டேட்டா செலவும் மின் வாரியத்தையோ, வாரியத்துக்காக மீட்டர் மாட்டிப் பராமரிக்கும் ஒப்பந்த நிறுவனத்தையோ சேர்ந்தவை. எல்லா ஸ்மார்ட் மீட்டருக்குள்ளும் சிம் இருக்கும் என்றும் சொல்ல முடியாது. சில இடங்களில் மீட்டர்கள் பக்கத்து மீட்டருக்குக் கைமாற்றி, சிறு ரேடியோ வழியாக ஒரு கம்பத்துப் பெட்டிக்கு அனுப்பும். அந்தப் பெட்டியில் மட்டும் சிம் இருக்கும்.

மீட்டர் சிம்மில் ஒரு விஷயம் டிராக்கருக்கு நேர்மாறு. டிராக்கர் தானே கூப்பிட்டுப் பேசும், சர்வர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மீட்டரிடம் சர்வரும் நினைத்த நேரத்தில் கூப்பிட்டுப் பேச வேண்டும். "இந்த நிமிட ரீடிங் என்ன?", "இணைப்பைத் துண்டி", "பணம் கட்டிவிட்டார், திரும்பக் கொடு" என்றெல்லாம் சொல்ல வேண்டும். சாதாரண போன் சிம்மில் இதைச் செய்ய முடியாது. காரணம், போன்களுக்குப் பெரும்பாலும் தனக்கென்று வெளியே தெரியும் முகவரி கிடையாது. ஆயிரக்கணக்கான போன்கள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். உள்ளேயிருந்து வெளியே போகலாம், வெளியேயிருந்து குறிப்பிட்ட ஒரு போனின் கதவைத் தட்ட முடியாது. அதனால் மீட்டர் சிம்முக்குத் தனி ஏ.பி.என்., மாறாத முகவரி, அங்கிருந்து வாரியத்தின் சர்வருக்கு நேராக ஒரு மூடிய பாதை என்று போடுகிறார்கள். அந்தப் பாதை பொது இணையத்தைத் தொடாது என்பதால், வெளியாட்கள் மீட்டரைத் தேடிப் பிடிப்பதும் கஷ்டம்.

பணம் கட்டியும் கரண்ட் வரவில்லை என்றால் அதில் பெரும்பாலும் சர்வரிலிருந்து மீட்டருக்கு வரும் இந்தப் பாதைதான் சந்தேகத்துக்குரியது. பணம் கணக்கில் ஏறியிருக்கும், "இணைப்பைக் கொடு" என்ற கட்டளை மீட்டர் வரை போய்ச் சேர்ந்திருக்காது. இரும்புக் கதவு போட்ட மீட்டர் அறை, தரைக்குக் கீழே உள்ள பார்க்கிங் ஆகிய இடங்களில் இது அடிக்கடி நடக்கும். புகார் சொல்லும்போது மீட்டர் திரையில் சிக்னல் குறி தெரிகிறதா என்று பார்த்துச் சொன்னால் வேலை சீக்கிரம் நடக்கும்.

மாதத்துக்கு எவ்வளவு டேட்டா தின்னும்?

டிராக்கருக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு தகவல் பொட்டலம் சுமார் 200 பைட். அனுப்பும் உறையும் சர்வரின் ரசீதும் சேர்த்து 300 பைட் என்று வையுங்கள். 10 நொடிக்கு ஒன்று என்றால் மணிக்கு 360. நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் 3,600 பொட்டலம், ஒரு எம்பியை ஒட்டி வரும். நிற்கும்போது பத்து நிமிடத்துக்கு ஒன்றுதான், அதைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம். ஆக மாதம் 30 எம்பி. போனில் ஒரு வீடியோ பார்த்தால் போகும் அளவு. மீட்டர் அரை மணிக்கு ஒரு அளவு என்று நாளுக்கு 48 அளவுகள் எடுத்தாலும் அதைவிடக் குறைவுதான்.

இதனால்தான் எம்2எம் சிம்களை ஒரு குளம் மாதிரி மொத்த டேட்டாவாக விற்கிறார்கள். ஐம்பது சிம்முக்கு 1,500 எம்பி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பது போல. பழுதான ஒரு டிராக்கர் நொடிக்கு நொடி மறுதொடக்கம் ஆகி, பழைய பதிவுகளையே திரும்பத் திரும்ப அனுப்பினால், அந்த ஒன்றே குளத்தை வற்ற வைத்துவிடும். மாதம் 30 எம்பி போக வேண்டிய சிம் 200 எம்பி காட்டினால் முதலில் அந்த வண்டியைக் கூப்பிடுங்கள்.

டவர் இல்லாத காட்டுப் பாதையில் போனால் அந்த ஓட்டம் எல்லாம் போச்சா?

ஏஐஎஸ் 140 தரத்தில் வந்த கருவி என்றால் போகாது. 2019 ஜனவரி முதல் புதிய பஸ், டாக்ஸி போன்ற பயணிகள் வண்டிகளுக்குக் கட்டாயம் ஆனதே, அபாய பொத்தானோடு வருமே, அதுதான். அதில் 40,000 இடக்குறிப்புகளைச் சேர்த்து வைக்க இடம் இருக்க வேண்டும் என்பது விதி. 10 நொடிக்கு ஒன்று என்றாலும் 111 மணி நேர ஓட்டத்துக்குத் தாங்கும். டவர் வந்ததும் மொத்தமாக அனுப்பும். நேரடித் தகவலுக்கு `L` என்றும், சேர்த்து வைத்து அனுப்பியதற்கு `H` என்றும் பொட்டலத்திலேயே குறி இருக்கும்.

சிம்மை ஏன் போர்டிலேயே ஒட்டிவிடுகிறார்கள்? மாற்ற வழியே இல்லையே?

முதல் காரணம் அதிர்வு. கிளிப்பில் செருகிய சிம், வண்டி குலுங்கக் குலுங்க, மயிரிழை அளவு முன்னும் பின்னும் உரசும். தொடுமுனையில் இருக்கும் முலாம் தேய்ந்து, கறுப்புப் பொடி படியும். நான் கழற்றிப் பார்த்த பழைய டிராக்கர்களில் அந்தக் கறுப்புப் புள்ளிகளைக் கண்ணாலேயே பார்க்கலாம். அழிரப்பர் வைத்துத் தேய்த்தால் ஒரு மாதம் ஓடும், அப்புறம் மறுபடியும் அதே கதைதான். ஒட்டிய சிம் 6 மில்லிமீட்டருக்கு 5 மில்லிமீட்டர் உள்ள ஒரு சில்லு. உரச அங்கே இடமே இல்லை.

அடுத்தது சூடு. போன் சிம் பொதுவாக 85 டிகிரி வரை தாங்கும் என்பார்கள், இந்தத் தொழிற்சாலை ரகம் 105 டிகிரி வரை. மே மாத வெயிலில் டாஷ்போர்டுக்கு அடியில், இன்ஜின் சூட்டோடு சேர்ந்து கிடக்கும் பெட்டிக்கு அந்த இருபது டிகிரி தேவைப்படுகிறது.

மூன்றாவதை யாரும் யோசிப்பதில்லை. வண்டி ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குப் போகும்போதெல்லாம், "கடைசியாக இங்கே பதிவானேன்" என்று மோடம் சிம்முக்குள் ஒரு சின்னக் கோப்பில் எழுதும். அந்த நினைவகத்தில் ஒரே இடத்தில் இத்தனை லட்சம் முறைதான் எழுதலாம் என்று ஆயுள் உண்டு. நீங்கள் போனில் ஒரு சிம்மை வைத்து நான்கு ஊர் சுற்றினால் ஒன்றும் ஆகாது. வருடம் முழுக்க நெடுஞ்சாலையில் ஓடும் லாரியில், அல்லது இரண்டு டவருக்கு நடுவில் சிக்கி ஓயாமல் தாவிக்கொண்டே இருக்கும் கருவியில், இது கணக்கில் வரும். எம்2எம் ரகத்தில் எழுதும் ஆயுள் பல மடங்கு அதிகமாக வைத்திருப்பார்கள்.

ஒட்டிவிட்டால் கம்பெனி மாற்றுவது எப்படி? போனில் இ-சிம் மாற்றுவது மாதிரியா?

சில்லு இ-சிம்தான், மாற்றும் முறைதான் வேறு. போனில் நீங்கள் க்யூஆர் குறியை ஸ்கேன் செய்து "சரி" என்று தொட்டால்தான் புதிய கணக்கு இறங்கும். டிராக்கரில் திரையும் இல்லை, தொட ஆளும் இல்லை. அதனால் சர்வர் பக்கத்திலிருந்து கட்டளை தள்ளப்படும். சிம் அதை வாங்கி, புதிய கணக்கை இறக்கி, தானே மாறிக்கொள்ளும். ஏஐஎஸ் 140 கருவிகளில் பொதுவாக இரண்டு கம்பெனிக் கணக்குகளைச் சேர்த்தே போட்டிருப்பார்கள். ஒன்றில் டவர் இல்லை என்றால் மற்றதுக்குத் தாவும். தாவுவதற்குச் சில நிமிடம் ஆகும், போன் மாதிரி உடனே எதிர்பார்க்காதீர்கள்.

இங்கே ஒரு சிக்கலை வருடா வருடம் பார்க்கிறேன். வண்டி வாங்கும்போது கருவியோடு ஓரிரு வருட சந்தா சேர்ந்து வரும். அது முடிந்தது யாருக்கும் தெரியாது. எஃப்.சி.க்கு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தும் அன்று, கருவி தகவல் அனுப்பவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். ரொம்ப நாள் முடங்கிக் கிடந்த சிம் என்றால், பணம் கட்டினாலும் எழுப்ப முடியாமல் கருவியையே மாற்ற வேண்டி வரலாம். எஃப்.சி. தேதிக்கு ஒரு மாதம் முன்பே சந்தா தேதியைப் பாருங்கள்.

வண்டி மேப்பில் நின்றுவிட்டது. கோளாறு சிம்மிலா, கருவியிலா? எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில், ஒரு வண்டி மட்டுமா, எல்லாமேவா என்று பாருங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

ஒரு வண்டி மட்டும் என்றால் கருவியை லேப்டாப்பில் இணைத்து, மோடத்திடம் நேராகக் கேட்பேன்:

```
AT+CPIN?
AT+CSQ
AT+CREG?
AT+CGDCONT?
```

முதல் வரிக்கு `+CPIN: READY` வர வேண்டும். பிழை வந்தால் சிம்மோ அதன் தொடுமுனையோ பழுது. `+CPIN: SIM PIN` வந்தால் யாரோ போன் சிம்மைப் பூட்டோடு போட்டிருக்கிறார்கள். இரண்டாவது சிக்னல், 0 முதல் 31 வரை. பத்துக்குக் கீழே என்றால் ஆன்டெனாவைப் பார்ப்பேன், `99` என்றால் சிக்னலே அறிய முடியவில்லை. மூன்றாவதில் `0,1` அல்லது `0,5` வந்தால் நெட்வொர்க்கில் சேர்ந்துவிட்டது. `0,3` என்றால் நெட்வொர்க் மறுக்கிறது, பெரும்பாலும் சிம் முடக்கப்பட்டிருக்கும். `0,2` என்று தேடிக்கொண்டே இருந்தால், கருவி 2ஜி ரகமா என்று பாருங்கள். 2ஜி சேவையே இல்லாத கம்பெனியின் சிம்மை அதில் போட்டால் ஆயுளுக்கும் தேடிக்கொண்டுதான் இருக்கும். நான்காவதில் ஏ.பி.என். பெயர் ஒரு எழுத்து தப்பினாலும் டேட்டா வராது. 4ஜி கருவியில் `AT+CREG?`க்குப் பதில் `AT+CEREG?` கேளுங்கள்.

எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் நின்றால் கதை வேறு. ஒரு டிராவல்ஸ்காரரின் அறுபது வண்டி ஒரே இரவில் மேப்பிலிருந்து காணாமல் போனது. காலையில் ஒரு வண்டியைத் திறந்து பார்த்தேன். சிம் சரி, சிக்னல் 22, நெட்வொர்க்கில் சேர்ந்திருக்கிறது, ஐ.பி. முகவரியும் வாங்கியிருக்கிறது. ஆனால் சர்வரைத் தொட முடியவில்லை. என் போன் ஹாட்ஸ்பாட்டிலிருந்து அதே சர்வரைத் தொட்டால் பதில் வருகிறது. விசாரித்ததில், மென்பொருள் கொடுப்பவர்கள் முந்தின இரவு சர்வரை வேறு இடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். பெயர் அதேதான், பின்னால் உள்ள ஐ.பி. முகவரி மட்டும் புதுசு. போன் சிம்முக்கு இது ஒரு பொருட்டே இல்லை. எம்2எம் சிம்மிலோ அனுமதிப் பட்டியலில் பழைய முகவரிதான் இருக்கிறது, புதியதற்குப் போகும் பொட்டலத்தை நெட்வொர்க்கே வாசலில் நிறுத்திவிடுகிறது. புதிய முகவரியைப் பட்டியலில் ஏற்ற டெலிகாம் கம்பெனி இரண்டு நாள் எடுத்துக்கொண்டது. அதுவரை பழைய சர்வரைத் திரும்ப ஓடவிட்டு, அங்கிருந்து புதியதற்குக் கடத்தச் சொன்னோம். மதியத்துக்குள் அறுபதும் வந்துவிட்டன, சேர்த்து வைத்திருந்த இரவு ஓட்டத்தோடு.

வண்டியை விற்கிறேன். சிம்மை என்ன செய்ய வேண்டும்?

சிம் உங்களுடையது அல்ல, டிராக்கர் சேவை தரும் நிறுவனத்துடையது. ஆனால் அந்தச் சிம் யார் பொறுப்பில், எந்த வண்டியில் இருக்கிறது என்று உங்கள் விவரத்தைத்தான் அவர்கள் பதிந்து வைத்திருப்பார்கள். ஆர்.சி. பெயர் மாற்றும் அதே வாரத்தில் அவர்களுக்கும் எழுதிக் கொடுத்து, வாங்குபவர் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். எழுதும்போது 13 இலக்க எண்ணைவிட, சிம்மின் மேலேயே `8991` என்று தொடங்கி அச்சாகியிருக்கும் நீண்ட எண்ணைக் கொடுப்பது நல்லது. ஒட்டிய சிம் என்றால் அது கருவியின் ஸ்டிக்கரிலோ வாங்கிய ரசீதிலோ இருக்கும். உங்கள் போன் செயலியிலிருந்தும் வண்டியை நீக்கிவிடுங்கள். விற்ற லாரி எங்கே போகிறது என்று ஆறு மாதம் பார்த்துக்கொண்டே இருந்த ஒருவரை எனக்குத் தெரியும். வாங்கியவருக்குத் தெரிந்ததும் பெரிய சண்டையாகிவிட்டது.